பெரியப்பாவும் அத்தையும் பேசியதைப் படங்களிலிருந்து எழுத்தாக மீட்டது

வேலை ஒருவழியாக முடிந்தது. மோல்மேன் பெரியப்பாவும் ரங்கூன் அத்தையும் 2018 முதல் 2020 வரை கைபேசியில் எழுதிக்கொண்ட பேச்சு, தேடக்கூடிய ஒரே எழுத்துக்கோப்பாக என் கணினியில் இருக்கிறது. நடுவில் சில இடைவெளிகள் உண்டு. அவை எங்கே என்று கோப்பிலேயே குறித்திருக்கிறேன். இதேபோன்ற வேலை வேறு குடும்பங்களுக்கும் வரும் என்பதால், செய்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய கைபேசியை யாரோ துடைத்துவிட்டு விற்றுவிட்டார்கள். அத்தையின் கைபேசியிலும் அந்த அரட்டை அழிந்துபோனது. காப்புப் பிரதி எதுவும் இல்லை. மிஞ்சியது, சென்னையில் இருக்கும் மகனுக்கு அனுப்புவதற்காக அத்தை அவ்வப்போது எடுத்துவைத்த 212 ஸ்கிரீன்ஷாட்டுகள்தான். தாத்தா பர்மாவில் பெகு ஊரில் கடை வைத்தது, 1963-64-இல் அரசு கடைகளைத் தேசியமயமாக்கியபோது அது போனது, யார் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள், யார் இங்கே பர்மாவிலேயே தங்கினார்கள் என்று பெரியப்பா கேள்வி கேட்கக் கேட்கச் சொல்லியிருந்தார். தமிழில் எழுதுவார், ஊர்ப் பெயர், அலுவலகப் பெயர், எண்கள் எல்லாம் பர்மிய எழுத்தில் வரும். அத்தை பதிலை ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டுவாள். ஆக ஒரே திரையில் மூன்று எழுத்துகள்.

முதலில் படங்கள் நமக்கு எந்த நிலையில் வந்து சேருகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து வந்தவை அரட்டை வழியாக அனுப்பப்பட்டவை. அப்படி அனுப்பும்போது படம் சுருங்கும், ஜேபெக்காக அமுக்கப்படும். கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்திருக்கும். மெய்யெழுத்தின் புள்ளிதான் அதில் முதலில் கரையும். 'பத்து' என்பது 'பதது' என்று வந்தால் மென்பொருளைத் திட்ட வேண்டாம், படத்தை மாற்ற வேண்டும். நல்லவேளை, அத்தையின் கைபேசி உயிரோடு இருந்தது. யூஎஸ்பி கம்பியால் இணைத்து `Screenshots` கோப்புறையை அப்படியே நகலெடுத்தேன். மூலப் படங்கள் பிஎன்ஜி. அகலம் 720 பிக்சல் புள்ளி, உயரம் 1520.

இன்னொரு லாபமும் கிடைத்தது. மூலக் கோப்பின் பெயரில் `Screenshot_20190814-213305.png` என்று படம் எடுத்த நாளும் நேரமும் இருக்கும். அரட்டை வழியாகப் போனால் இந்தப் பெயர் தொலைந்துவிடும். இது பின்னால் எவ்வளவு கைகொடுத்தது என்பதைத் தேதி பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

படத்தில் உள்ளதைப் படித்து எழுத்தாகத் தரும் மென்பொருளாக டெசராக்டையே எடுத்தேன். இலவசம், இணையம் வேண்டாம், தமிழ், பர்மியம் இரண்டுக்கும் மொழிக்கோப்பு உண்டு. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி ஆவணமாகத் திறந்தாலும் எழுத்து வரும், தமிழை நன்றாகவே படிக்கிறது. ஆனால் எந்த வரி யாருடையது என்பது அதில் போய்விடுகிறது. குடும்பச் சொத்து விவரமெல்லாம் இருக்கும் பேச்சை வெளியே ஏற்றவும் அத்தைக்கு மனமில்லை. எங்கள் தெருவில் மின்சாரம் வருவதே சில மணி நேரம் என்பதால், மடிக்கணினி மின்கலத்தில் இணையமில்லாமல் ஓடுவது எனக்கும் வசதி.

டெசராக்டுக்குக் கொடுக்கும் முன் படத்தைத் தயார் செய்ய வேண்டும். எழுத்தின் உயரம் 30 புள்ளி அளவில் இருந்தால் அது நன்றாகப் படிக்கும். அத்தையின் திரையில் 'ப' எழுத்தை அளந்தேன்: 16 புள்ளி. எனவே இரண்டு மடங்கு போதும். மேலே இருக்கும் மணி, மின்கலக் குறி, பெயர்ப் பட்டை, கீழே தட்டச்சுப் பெட்டி எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் அவையும் பேச்சின் நடுவே வந்து உட்காரும்.

```
magick in.png -crop 720x1250+0+150 +repage \
  -colorspace Gray -resize 200% out.png
```

இரவில் எடுத்த சில படங்கள் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. டெசராக்டின் பழைய 3-ஆம் பதிப்பு இதைச் சமாளித்தது. 4-ஆம் பதிப்பு முதல் வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்தாகக் கொடுப்பதுதான் முறை. அந்தப் படங்களைக் கண்ணால் பொறுக்க வேண்டியதில்லை. படத்தின் சராசரி வெளிச்சத்தைக் கேட்டால் போதும், 0-வுக்கும் 1-க்கும் இடையே ஓர் எண் சொல்லும். 0.5-க்குக் கீழே இருந்தவற்றுக்கு மட்டும் மேலே உள்ள கட்டளையில் `-negate` சேர்த்தேன்.

```
magick in.png -format "%[fx:mean]" info:
```

அடுத்தது, யார் பேசியது என்ற கேள்வி. முழுத் திரையையும் ஒரே பக்கமாகக் கொடுத்தால் டெசராக்ட் அதை இரண்டு பத்திச் செய்தித்தாளாக எண்ணிக்கொண்டு, இடது பக்கம் முழுக்க முதலில், வலது பக்கம் முழுக்கப் பிறகு என்று தருகிறது. கேள்விகள் எல்லாம் ஓரிடத்தில், பதில்கள் எல்லாம் ஓரிடத்தில். ஆகவே ஒவ்வொரு பேச்சுப் பெட்டியையும் தனித்தனிப் படமாக வெட்டிக்கொள்வதே வழி. வெட்டிய பின் `--psm 6` என்று கொடுத்தால் அதை ஒரே கட்டு எழுத்தாகப் பார்க்கும்.

பெட்டி இடதுபுறம் தொடங்கினால் பெரியப்பா, இல்லையென்றால் அத்தை என்று முதலில் விதி வைத்தேன். குறுஞ்செய்திகளுக்கு அது சரியாக வந்தது. ஆனால் பெரியப்பா நீளமாக எழுதுகிறவர், அத்தையும் சில நாள் விடமாட்டாள். நீளமான பெட்டிகள் இரண்டும் திரையை ஏறக்குறைய முழுக்க அடைத்துக்கொள்ளும். தொடக்க இடத்தில் பெரிய வித்தியாசம் இராது. அப்புறம்தான் நிறத்துக்கு வந்தேன். பெரியப்பாவின் பெட்டி வெள்ளை, அத்தையுடையது வெளிர் ஊதா. பெட்டியின் ஓரத்துக்குச் சற்று உள்ளே ஒரு புள்ளியின் நிறத்தைப் படித்தால் ஐயம் தீர்ந்தது. இதைச் சாம்பல் நிறமாக்கிய படத்தில் பார்க்கக் கூடாது, மூலப் படத்தில் பார்க்க வேண்டும். தயார் செய்த படத்தில் கிடைத்த இடத்தை இரண்டால் வகுத்து, மேலிருந்து வெட்டிய 150-ஐக் கூட்டினால் மூலப் படத்தில் அதே இடம் வரும். இரவுப் படங்களில் நிறங்கள் வேறு. அவற்றுக்குத் தனி விதி.

நான் எதிர்பாராத தொல்லை ஒன்று இருந்தது. ஒருவர் பழைய செய்தியைச் சுட்டிப் பதில் எழுதினால், அந்தப் பழைய செய்தி சின்ன எழுத்தில் பதில் பெட்டிக்குள் திரும்ப வரும். மென்பொருளுக்கு அது புதுப் பேச்சு. பெரியப்பா மார்ச்சில் சொன்னதை அத்தை ஜூனில் சொன்னது போல ஆகிவிடும். எழுத்து உயரத்தால் இதைப் பிரிக்கலாம்: மற்ற வரிகள் 16 புள்ளி, மேற்கோள் வரி 13 புள்ளி. இந்த மேற்கோள்களை நான் தூக்கி எறியவில்லை, தனியே சேர்த்து வைத்தேன். அத்தை படம் எடுக்கத் தவறிய இரண்டு மூன்று செய்திகள் அந்தச் சின்ன எழுத்தில் மட்டுமே மிஞ்சியிருந்தன.

மூன்று மொழியையும் `-l tam+mya+eng` என்று சேர்த்துக் கொடுத்தால் வேலை சுருங்கும் என்று தோன்றும். சோதித்துப் பார்த்ததில் சுருங்கவில்லை. பர்மிய எழுத்து வட்டங்களால் ஆனது. குறுகிய தமிழ்ச் சொற்கள் நடுவே பர்மிய வட்டங்களாக மாறி வந்தன. எனவே ஒவ்வொரு பெட்டியையும் மூன்று மொழியிலும் தனித்தனியே படிக்கச் சொல்லி, `tsv` வடிவில் வாங்கினேன். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் இடமும், `conf` என்ற நம்பிக்கை எண்ணும் இருக்கும். வரிக்கு வரி எந்த மொழியில் அந்த எண் அதிகமோ அதை எடுத்துக்கொண்டேன். வெவ்வேறு மொழிகளின் நம்பிக்கை எண்களை ஒப்பிடுவது கறாரான முறை இல்லைதான். ஆனால் எழுத்தே தெரியாத மொழியில் படிக்கும்போது எண் தடாலென்று விழுவதால், எந்த மொழி என்று பிரிக்க அது போதும்.

அத்தையின் ஆங்கில எழுத்துத் தமிழுக்கு ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. ஆங்கில மொழிக்கோப்பு தன் அகராதியைப் பார்த்துத் திருத்தும். `avan` என்று இருந்தால் `a van` என்று ஆக்கிவிடும். அகராதியை அணைத்தால் திரையில் உள்ளதை உள்ளபடி தரும்.

```
tesseract b.png out --psm 6 -l eng \
  -c load_system_dawg=0 -c load_freq_dawg=0 tsv
```

பர்மியத்தில் எனக்கு எதிர்பாராத உதவி ஒன்று கிடைத்தது. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறும்வரை இங்கே பெரும்பாலான கைபேசிகளில் ஸாவ்ஜி எழுத்துருதான். இரண்டும் ஒரே குறியெண்களை வேறு வேறு விதமாகப் பயன்படுத்துபவை. நம் 'ெ' போலவே பர்மியத்திலும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும் ஓர் உயிர்க்குறி உண்டு. யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். ஸாவ்ஜியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே முன்னால் சேமிக்கப்படும். அந்தக் காலத்து அரட்டையின் எழுத்துக்கோப்பே கையில் இருந்தாலும் இன்று திறந்தால் குழப்பமாகத்தான் தெரிந்திருக்கும், மாற்றி எடுக்க வேண்டியிருந்திருக்கும். ஆனால் படத்துக்குக் குறியெண் கிடையாது. ஸாவ்ஜி கைபேசியில் ஸாவ்ஜி எழுத்து சரியாகவே தெரிந்தது. படமும் சரியாக இருந்தது. அதைப் படித்த டெசராக்ட் யூனிகோடில் தந்தது. எழுத்தாகக் கிடைத்திருந்தால் செய்திருக்க வேண்டிய ஒரு வேலை, படமாகக் கிடைத்ததால் மிச்சம்.

இதற்கு எல்லையும் உண்டு. அத்தை 2020-இல் புதுக் கைபேசிக்கு மாறிய பிறகு பழைய செய்திகளைத் திறந்து எடுத்த படங்களில், ஸாவ்ஜி எழுத்து யூனிகோடாகக் காட்டப்பட்டுச் சிதறியிருக்கிறது. குறிகள் புள்ளி வட்டங்களின் மேல் தொங்குகின்றன. அதை மென்பொருள் என்னவென்று படிக்கும்? கிடைப்பதை மாற்றியில் போட்டாலும் தேறவில்லை. அந்த ஒரு சில வரிகளை, பர்மியம் நன்றாக எழுதத் தெரிந்த அண்ணன் மகள் சிதறலைப் பார்த்து ஊகித்து எழுதினாள். அவை ஊகம் என்று கோப்பில் குறித்திருக்கிறேன்.

இனி ஒட்டுவது. ஒரு படத்தின் கடைசிப் பெட்டிகளே அடுத்த படத்தின் முதல் பெட்டிகளாக வரும். அந்தப் பொருத்தத்தை வைத்து இணைக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் பொருந்தாது, ஏனென்றால் 'கொ' என்பதை ஒருமுறை ஒரே குறியாகவும் இன்னொருமுறை 'ெ', 'ா' என்று இரண்டாகவும் சேமித்திருக்கலாம். முதலில் அதைச் சீராக்கிவிட்டு, பிறகு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளந்தேன்.

```python
from difflib import SequenceMatcher
from unicodedata import normalize

def ratio(a, b):
    a, b = normalize("NFC", a), normalize("NFC", b)
    return SequenceMatcher(None, a, b).ratio()
```

0.8-க்கு மேல் வந்தால் ஒரே செய்தி. அத்தை 'சரி அண்ணா' என்று ஐம்பது இடத்தில் சொல்லியிருப்பதால் ஒரு பெட்டி பொருந்தியதை மட்டும் நம்பி ஒட்டக் கூடாது. அடுத்தடுத்து இரண்டு பெட்டியாவது, அவற்றின் மணியும் சேர்ந்து, பொருந்த வேண்டும். வெட்டிய விளிம்பைத் தொடும் பெட்டி பாதியாகத்தான் இருக்கும், அதை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும். எதுவுமே பொருந்தாத இடத்தில் `[இடைவெளி]` என்று போட்டேன். எழுத்து தொடர்ச்சியாகப் படிக்க நன்றாக இருக்கிறது என்பதற்காக அங்கே இழுத்து ஒட்டினால், ஒரு கேள்விக்கு வேறொரு கேள்வியின் பதில் வந்து சேரும்.

கோப்புப் பெயர் வரிசை எப்போதும் பேச்சு வரிசை ஆகாது. அத்தை சில நாள் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே படம் எடுத்திருக்கிறாள்; அப்போது பின்னால் எடுத்த படத்தில் முன்னால் பேசியது இருக்கும். அடுத்த படத்தின் அடிப்பகுதி இந்தப் படத்தின் மேற்பகுதியோடு பொருந்தினால் அந்தத் தொகுப்பைத் தலைகீழாக்க வேண்டும் என்று பொருள். தேதிக்கும் கோப்புப் பெயர்தான் துணை. பல படங்களில் `Today`, `Yesterday` என்று மட்டுமே தலைப்பு இருந்தது. எந்த 'இன்று' என்பதைப் பெயரில் உள்ள 20190814 சொல்லிவிடும்.

இப்போது பிழை பார்ப்பது. ஒரே பெட்டி இரண்டு படங்களில் வருகிறதே, இரண்டையும் ஒப்பிட்டால் பிழை தெரிந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். தெரியாது. இரண்டு படத்திலும் அந்தப் பெட்டியின் புள்ளிகள் ஒன்றேதான். ஒரே மென்பொருள் ஒரே தவறைத்தான் இரண்டு முறையும் செய்யும். உண்மையான இரண்டாம் சாட்சி வேண்டுமென்றால் எதையாவது மாற்ற வேண்டும். நான் 200 விழுக்காடு பெரிதாக்கி `tam` கோப்பால் ஒருமுறையும், 300 விழுக்காடு பெரிதாக்கி `script/Tamil` கோப்பால் ஒருமுறையும் படிக்க வைத்தேன். வேறுபட்ட சொற்கள் மட்டும் மஞ்சளாகும். புள்ளி விட்டது, இகரம் ஈகாரமானது எல்லாம் இதில் சிக்கின. 'ர'-வும் துணைக்காலும் மாறுவது சில இடங்களில் சிக்கவில்லை, இரண்டு வாசிப்பும் ஒன்றுபோலவே ஏமாந்தன. 'கௌரி' என்பது 'கெளரி' என்று வருவதும் அப்படியே. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடினால் கிடைக்காது. அந்த மாதிரி இடங்களைப் பட்டியல் போட்டு ஒரேயடியாக மாற்றினேன்.

எண்கள்தான் எல்லாவற்றையும்விடக் கடினம். பர்மியச் சுழியமும் 'வ' எழுத்தும் ஒரே வட்டம். 7-உம் 'ர' எழுத்தும் அப்படியே. சொல்லுக்குள் எது என்று மனிதனுக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. எண் என்று கண்ணால் உறுதியான துண்டுகளை மட்டும் வெட்டி, எண்களைத் தவிர வேறெதுவும் சொல்லாதே என்று கட்டளையிட்டு மறுபடி படிக்க வைத்தேன்.

```
tesseract n.png out --psm 7 -l mya \
  -c tessedit_char_whitelist=၀၁၂၃၄၅၆၇၈၉
```

இதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் வரைவை அண்ணன் மகள் பிழை திருத்தினாள். அதில் பெரியப்பா, 'ரேடியோவில் செல்லாதுன்னு சொன்ன அன்னைக்கு அப்பா பெட்டியில் இருந்தது எல்லாம் 75ம் 35ம்தான்' என்று எழுதியிருந்தார். 75-இல் இருந்த 7, எழுத்தாக மாறியிருந்தது. அவள் அந்த வரியை '100ம் 50ம்தான்' என்று திருத்தியிருந்தாள்.

"எழுபத்தஞ்சு சட் நோட்டு எங்கயாவது இருக்குமா சித்தப்பா? மிஷின் தப்பா படிச்சிருக்கு" என்றாள்.

இருந்தது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 சட் நோட்டுகளை ஒரே நாளில் செல்லாது என்றார்கள், ஈடாக எதுவும் தரவில்லை. அதன் பிறகு வந்தவை 45-உம் 90-உம், இரண்டும் ஒன்பதால் வகுபடும் எண்கள். அவள் பிறப்பதற்கு முந்தைய கதை, அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் திருத்தம் வெறும் எண் பிழையோடு நிற்கவில்லை. 50, 100 நோட்டுகள் செல்லாமல் போனது 1964 மே மாதத்தில். கடை தேசியமயமான நேரமும் அதுதான். பெரியப்பா அந்தச் செய்தியில் ஆண்டு போடவில்லை. திருத்தம் அப்படியே நின்றிருந்தால், தாத்தாவின் சேமிப்பு போனது கடை போன சமயத்தில் என்று கோப்பு சொல்லியிருக்கும். இருபத்துமூன்று ஆண்டு முன்னால் தள்ளிப்போயிருக்கும். படிப்பவர்கள் நம்பியும் இருப்பார்கள், ஏனென்றால் அது பொருத்தமாக இருக்கிறது. மூலப் படத்தைத் திறந்ததும் 75 தெளிவாகத் தெரிந்தது. சற்றுக் கீழே பெரியப்பாவே '45, 90 வந்தது' என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு வேலைமுறையை மாற்றினோம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் படத்தின் பெயரும் பெட்டியின் இடமும் இருக்கும். மென்பொருள் படித்தது ஒரு பத்தியில், மனிதர் திருத்தியது வேறு பத்தியில். முதல் பத்தியை யாரும் தொடக் கூடாது. படத்தைத் திறந்து பார்க்காமல் எந்த எண்ணையும் எந்தப் பெயரையும் திருத்தக் கூடாது.

கடைசி வாசிப்பு அத்தையுடையது. அவளுக்காக 14 அளவு எழுத்தில் அச்சடித்தேன். 58 தாள் ஆனது. இந்த வேலையில் கையிலிருந்து போன காசு என்றால் அச்சும் ஜெனரேட்டருக்கு ஊற்றிய எண்ணெயும்தான். சரியாகப் படிக்கப்பட்டும் எங்களுக்குப் புரியாமல் இருந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் அவள்தான் சொன்னாள். சில இடத்தில், 'அண்ணன் இதைத் தப்பாத்தான் எழுதியிருந்தார், போன்ல திருத்திச் சொன்னார்' என்றாள். பெரியப்பா எழுதியதை அப்படியே விட்டு, அத்தை சொன்னதை அடிக்குறிப்பில் போட்டேன்.

அடுத்தமுறை செய்தால் படப்பெயர்ப் பத்தியை முதல் நாளே வைத்துவிடுவேன். பெட்டிகளை வெட்டுவதற்கு முன்பே படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்குவேன். ஸ்கிரீன்ஷாட்டில் பெட்டிகளின் புள்ளிகள் மாறாதவை என்பதால் எழுத்தை ஒப்பிடுவதைவிடப் படத்தை ஒப்பிடுவது எளிது, பாதிப் பெட்டித் தொல்லையும் இராது. பின்னணிப் படம் நகராமல் நிற்கும் அரட்டைகளில் மட்டும் பெட்டிக்கு வெளியே உள்ள இடத்தை விட்டுவிட்டு ஒப்பிட வேண்டும். இடைவெளிகளில் ஒன்றுக்கான படம் சென்னையில் அத்தை மகனின் பழைய கைபேசியில் இருக்கலாம் என்கிறார்கள். அது சுருக்கி அனுப்பப்பட்ட பிரதிதான், எண்களைக் கண்ணால்தான் படிக்க வேண்டியிருக்கும். கேட்டிருக்கிறேன், தேடிச் சொல்வதாகச் சொன்னார்.